தடை மருந்தும் மருத்துவ விலக்கும்: ஆஸ்துமா உள்ள மாணவ வீரருக்கு விதி என்ன சொல்கிறது?

1972 செப்டம்பர் 1. மியூனிக் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 400 மீட்டர் நீச்சல் இறுதிப் போட்டி. அமெரிக்காவைச் சேர்ந்த 16 வயது ரிக் டிமாண்ட் 4 நிமிடம் 0.26 நொடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அந்தத் தங்கப் பதக்கம் டிமாண்டிடம் நிலைக்கவில்லை. அவருடைய சிறுநீர் மாதிரியில் எஃபெட்ரின் இருந்தது. அது தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து. பதக்கம் பறிக்கப்பட்டது, அடுத்து நடக்கவிருந்த 1500 மீட்டர் போட்டியில் நீந்தவும் அவர் அனுமதிக்கப்படவில்லை.

எஃபெட்ரின் அவருடைய உடலுக்குள் எப்படி வந்தது? டிமாண்டுக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்துமா மாத்திரையில் எஃபெட்ரின் கலந்திருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. தான் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை அணியின் மருத்துவப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தகவலை ஒலிம்பிக் மருத்துவக் குழுவிடம் கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்கவில்லை. அவர் தம் மருந்துகளை முறைப்படி தெரிவித்திருந்தார் என்பதை அமெரிக்க ஒலிம்பிக் குழு 2001இல் ஒப்புக்கொண்டது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

நோய்க்காக மருந்து எடுப்பவரையும் வெற்றிக்காக மருந்து எடுப்பவரையும் பிரித்தறிய இன்று ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா வகுத்த பொது விதிகளின்படி, இந்தியாவில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா இதை நடத்துகிறது. மாநில, தேசிய அளவிலான போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் உடற்கல்வி ஆசிரியர்களும், ‘வீசிங்’ உள்ள மாணவர்களின் வகுப்பாசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இதில் உண்டு. மருத்துவர் தரும் மருந்துச் சீட்டு வேறு, விலக்கு வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கிறது என்று பொருள் ஆகாது.

ஒரே மருந்து, இரண்டு வழிகள்

ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்கிளைக் குழல்களின் உட்சுவர் வீங்கியிருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள மென்தசைகள் எளிதில் சுருங்கிவிடும். வேகமாக ஓடும்போது வாய்வழியாக வறண்ட காற்று அதிகமாக உள்ளே போகிறது. குழலின் ஈரம் குறைகிறது, தசை சுருங்குகிறது. ஓடும்போதோ, ஓடி முடித்த சில நிமிடங்களிலோ இருமலும் இழுப்பும் வருவது இதனால்தான்.

இதற்கு நம் ஊரில் பெரும்பாலும் தரப்படுவது சால்பியூட்டமால். தசைச் செல்களில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி, சுருங்கிய தசையைத் தளரச் செய்யும் மருந்து இது. இதே வகையைச் சேர்ந்தவை டெர்பியூட்டலின், ஃபார்மோடெரால், சால்மெடெரால் போன்றவை. இந்த வகை முழுவதுமே வாடாவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் தடை உண்டு.

ஏன் தடை? பீட்டா-2 ஏற்பிகள் நுரையீரலில் மட்டும் இல்லை. எலும்புத் தசைகளிலும் இருக்கின்றன. மாத்திரையாகவோ ஊசியாகவோ பெரிய அளவில் எடுத்தால் மருந்து இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவி, தசையின் வலிமையையும் வளர்ச்சியையும் கூட்டக்கூடும். இன்ஹேலரில் இழுக்கும்போது நிலைமை வேறு. சிறிதளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. வழக்கமான சிகிச்சை அளவில் அது ஆரோக்கியமான ஒருவரை வேகமாக ஓட வைப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவரை மற்றவர்களைப் போல மூச்சுவிட வைக்கிறது, அவ்வளவுதான்.

அளவுகளை ஒப்பிட்டால் மாணவர்களுக்கும் இது எளிதில் விளங்கும். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால், அதாவது ஒரு ‘பஃப்’ எடுத்தால், பொதுவாக 100 மைக்ரோகிராம் மருந்து வெளிவரும். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 4000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு மாத்திரை நாற்பது பஃப்புக்குச் சமம். எனவே விதி மருந்தின் பெயரோடு நிற்பதில்லை. எந்த வழியில், எவ்வளவு என்றும் கேட்கிறது.

விலக்குக் கேட்காமலே அனுமதிக்கப்படும் அளவு

இன்ஹேலர் வழியாக எடுக்கும் சால்பியூட்டமாலுக்கு ஒரு வரம்பு வரை தனி விலக்குத் தேவையில்லை. 24 மணி நேரத்தில் மொத்தம் 1600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதோடு, எந்த பஃபிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் அடுத்த 8 மணி நேரத்துக்குள் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஃபார்மோடெரால், சால்மெடெரால், விலன்டெரால் ஆகிய மூன்றுக்கும் இன்ஹேலர் வழியில் இதுபோல் தனித்தனி வரம்புகள் உண்டு. தினமும் எடுக்கும் பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் வழக்கமான சிகிச்சை அளவில் தடை இல்லை.

இரண்டு வரம்புகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரு வீரர் போட்டி நாளில் காலை 6 மணிக்கு இரண்டு பஃப், 9 மணிக்கு இரண்டு, 12 மணிக்கு இரண்டு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான 8 மணி நேரத்தில் 600 மைக்ரோகிராம் ஆகிவிட்டது. 1 மணிக்கு இன்னும் இரண்டு எடுத்தால் 800. நாள் மொத்தத்தில் பாதியைத்தான் தொட்டிருக்கிறார். ஆனாலும் 8 மணி நேர வரம்பைத் தாண்டிவிட்டார். ஒரு வீரருக்கு இத்தனை முறை இன்ஹேலர் தேவைப்பட்டால் அவருடைய ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றும் பொருள். அன்றைக்கு அவருக்குத் தேவை மருத்துவர், ஓட்டம் அல்ல.

வரம்பு மீறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமுக்கு மேல் சால்பியூட்டமால் இருந்தால், அது இன்ஹேலர் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கருதப்படும். ஆனால் உடலில் நீர் குறைந்திருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, இந்த எண் கூடிவிடும். 2017இல் ஸ்பெயின் சைக்கிள் பந்தயமான வுவெல்டாவில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃபுரூமின் மாதிரியில் 2000 நானோகிராம் காணப்பட்டது. பல மாத விசாரணைக்குப் பிறகு, 2018 ஜூலையில் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அவர்மீது நடவடிக்கை இல்லை என்று வழக்கை முடித்தது. வரம்புக்குள் எடுத்தேன் என்று நிறுவும் பொறுப்பு வீரருடையது. எத்தனை மணிக்கு எத்தனை பஃப் என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் அதனால்தான் பயன்படுகிறது.

விலக்கு தேவைப்படும் இடங்கள்

மேலே சொன்ன நான்கு மருந்துகளும், அந்த வழியும், அந்த அளவும் தவிர மற்றவற்றுக்கு விலக்கு வேண்டும். நம் சூழலில் அடிக்கடி எதிர்ப்படக்கூடியவை நான்கு.

முதலாவது, சால்பியூட்டமால் மாத்திரையும் சிரப்பும். குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய மருந்து என்பதால் பெற்றோர் இதை ஆபத்தாக நினைப்பதில்லை.

இரண்டாவது, டெர்பியூட்டலின். இதற்கு இன்ஹேலர் வழியிலும் அனுமதி இல்லை. இந்தியாவில் விற்கும் பல இருமல் மருந்துகளில் இது ஒரு கூட்டுப்பொருள். கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் நிகழ்வு இங்கே நினைவுக்கு வரும். 2019 பிப்ரவரி 22 அன்று இந்தூரில் சையது முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமலுக்காகக் கடையில் கிடைக்கும் மருந்தைக் குடித்ததாக அவர் சொன்ன விளக்கத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. அப்படியும் எட்டு மாதத் தடை விதித்தது. தெரியாமல் எடுத்தார் என்பது தண்டனையைக் குறைத்ததே ஒழிய, குற்றத்தை நீக்கவில்லை. ஏனென்றால் தன் உடலில் இருக்கும் மருந்துக்கு வீரரே பொறுப்பு என்பது அடிப்படை விதி.

மூன்றாவது, நெபுலைசர். இழுப்பு அதிகமாகி மருத்துவமனைக்குப் போனால் முகமூடி மாட்டிப் புகைபோல மருந்து கொடுப்பார்கள். அதுவும் நுரையீரலுக்கு நேரே போகும் வழிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு முறை வைக்கும் சால்பியூட்டமால் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். ஒரு நாள் வரம்பு ஒரே தடவையில் தாண்டிவிடுகிறது.

நான்காவது, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும். இவற்றுக்குப் போட்டிக் காலத்தில் மட்டும் தடை. போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணிக்குப் போட்டிக் காலம் தொடங்கிவிடும். பிரெட்னிசோலோன் மாத்திரையை நிறுத்தி மூன்று நாள்களாவது ஆகியிருக்க வேண்டும் என்பது வாடா தரும் கணக்கு. ஊசிக்கு மருந்தைப் பொறுத்து இடைவெளி இன்னும் நீளும்.

பெயரில் சிறு மாற்றம் உள்ள மருந்துகளிலும் கவனம் தேவை. இன்ஹேலர் உறையில் லெவோசால்பியூட்டமால் என்று இருந்தால், சால்பியூட்டமால்தானே என்று நாமே முடிவு செய்யாமல் நாடாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதே சரி.

விண்ணப்பம் எப்படி ஆராயப்படுகிறது?

விண்ணப்பப் படிவத்தின் ஒரு பகுதியை வீரர் நிரப்புவார். மற்றொரு பகுதியை மருத்துவர் நிரப்புவார். பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் அனுப்ப வேண்டும். மருத்துவர்கள் அடங்கிய குழு அதை ஆராய்ந்து, முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 21 நாள்களுக்குள் வழக்கமாக முடிவு சொல்லும். குறைபாடு உள்ள விண்ணப்பத்துக்கு இந்த 21 நாள் கணக்குத் தொடங்கவே தொடங்காது.

குழு பார்ப்பவை நான்கு. நோய் உண்மையிலேயே இருக்கிறதா என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அந்த மருந்து வீரரை இயல்பான உடல்நிலைக்குக் கொண்டுவருவதைத் தாண்டிக் கூடுதல் திறன் எதையும் தரக் கூடாது. அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்தால் முடியாது என்று காட்ட வேண்டும். முன்பு விலக்கில்லாமல் எடுத்த தடை மருந்தின் விளைவாக இந்தத் தேவை வந்திருக்கக் கூடாது.

விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் முதல் நிபந்தனையில்தான். ‘இவருக்கு ஆஸ்துமா உள்ளது’ என்ற ஒரு வரிச் சான்றிதழ் போதாது. அளந்த எண் வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்ற சோதனையில், ஆழமாக மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளப்பார்கள். ஒருவருக்கு அது 2.40 லிட்டர் என்று கொள்வோம். இன்ஹேலர் கொடுத்துச் சிறிது நேரம் கழித்து ஊதச் சொன்னால் 2.76 லிட்டர். கூடுதல் 0.36 லிட்டர், அதாவது 15 விழுக்காடு. 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினால், சுருங்கிய குழல் மருந்தால் விரிகிறது என்று கொள்ளப்படும். இவர் அதைத் தாண்டிவிட்டார்.

பயிற்சி பெற்ற வீரருக்கு ஓய்வில் இந்த எண் இயல்பாகவே இருக்கலாம். அப்போது ஓட வைத்து அளப்பார்கள். ஓடுமுன் 2.80 லிட்டராக இருந்தது ஓடிய பின் 2.45 ஆகிவிட்டால், குறைவு 12.5 விழுக்காடு. 10 விழுக்காடு குறைந்தாலே ஓட்டம் தூண்டும் மூச்சுச் சுருக்கம் என்பதற்கு அது சான்று. சோதனைக்கு முன் இன்ஹேலர் எடுத்துவிட்டால் முடிவு இயல்பாக வந்து, உண்மையான நோயாளிக்கே சான்று இல்லாமல் போய்விடும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

விலக்கு கிடைத்தால் அதில் மருந்தின் பெயர், அளவு, வழி, காலம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். காலம் முடிந்தாலோ, மருத்துவர் மருந்தை மாற்றினாலோ, அளவைக் கூட்டினாலோ அந்தத் தாள் புதிய நிலைக்குப் பொருந்தாது.

ஒரு மாணவியின் பத்து நாள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர். 1500 மீட்டர் ஓட்டக்காரர். தினமும் பியூடசோனைடு இன்ஹேலர் எடுக்கிறார். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன் சால்பியூட்டமால் இரண்டு பஃப். இந்த இரண்டுக்கும் விலக்குத் தேவையில்லை. 20ஆம் தேதி அவருக்குப் போட்டி.

14ஆம் தேதி இரவு கடும் இழுப்பு வருகிறது. மருத்துவமனையில் மூன்று முறை நெபுலைசர் வைக்கிறார்கள். ஐந்து நாளைக்குப் பிரெட்னிசோலோன் மாத்திரை தருகிறார்கள். இங்கே ஒரு நொடிகூடத் தயங்க இடமில்லை. தடைப் பட்டியலை நினைத்து எந்தச் சிகிச்சையையும் தள்ளிப்போடக் கூடாது. விதியே அதற்கு வழி வைத்திருக்கிறது. அவசரச் சிகிச்சையாக இருந்தால், மருந்து எடுத்த பிறகு முன்தேதியிட்டு விலக்குக் கேட்கலாம். தேசிய, சர்வதேச அளவு வீரர் என்ற வகைக்குள் வராத ஒருவரிடம் மாதிரி எடுக்கப்பட்டாலும், அவர் சிகிச்சைக்காக எடுத்த மருந்துக்கு இப்படிப் பின்னால் கேட்க இடம் உண்டு. கேட்டால் கிடைத்தே தீரும் என்பதில்லை. அதே நான்கு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும்.

இப்போது நாளை எண்ணுவோம். 14 முதல் 18 வரை மாத்திரை. போட்டிக் காலம் 19ஆம் தேதி இரவு 11.59க்குத் தொடங்குகிறது. இடையில் மூன்று நாள் இல்லை. எனவே நெபுலைசருக்கும் மாத்திரைக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும்போதே கையில் வாங்க வேண்டியவை மூன்று. கொடுத்த மருந்து, அளவு, நேரம் எழுதிய சிகிச்சைச் சுருக்கம். ஏன் இன்ஹேலர் மட்டும் போதவில்லை என்ற மருத்துவரின் விளக்கம். முன்பு எடுத்த ஸ்பைரோமெட்ரி முடிவுகளின் நகல். பெற்றோர் கையொப்பத்துடன் 15ஆம் தேதியே அனுப்பிவிட்டால், காலம் தாழ்த்தியதாக யாரும் சொல்ல முடியாது.

அப்படி அனுப்பிய பிறகும், 20ஆம் தேதி அவர் ஓடலாமா என்பது தனிக் கேள்வி. விலக்குத் தாள் ஊக்கமருந்து விதிக்கு மட்டுமே பதில் சொல்லும். நுரையீரல் தயாரா என்பதற்கு மருத்துவரின் பதில்தான் வேண்டும்.

மாதிரி எடுக்கும் அலுவலர் வந்தால், அண்மையில் எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத மாணவிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதே சமயம், படிவத்தில் எழுதியதே விலக்கு ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். டிமாண்டும் எழுதித்தான் கொடுத்திருந்தார்.

வகுப்பறையில்

பதினொன்றாம் வகுப்பில் சுவாச மண்டலப் பாடம் நடத்தும்போது இதை ஒரு பாடவேளைச் செயல்பாடாகச் செய்யலாம். வீட்டில் இருக்கும் காலியான இருமல் மருந்துப் புட்டிகளையும் மருந்து உறைகளையும் மாணவர்கள் கொண்டுவரட்டும். கடைப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள கூட்டுப்பொருள்களை மட்டும் நோட்டில் எழுதட்டும். டெர்பியூட்டலின், சால்பியூட்டமால் ஆகிய பெயர்கள் எத்தனை புட்டிகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். பெயர்களை நாடாவின் `Know Your Medicine` செயலியில் தட்டிச் சரிபார்க்கலாம். தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள எண்களையும் அந்தந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. காலை 7 மணிக்கு நான்கு பஃப், 11 மணிக்கு இரண்டு பஃப் எடுத்தவர் பிற்பகல் 2 மணிக்கு மேலும் இரண்டு எடுத்தால் வரம்பைத் தாண்டுவாரா? மாலை 4 மணிக்கு எடுத்தால்? (முதலாவதில் தாண்டுவார். இரண்டாவதில் 7 மணி பஃப்கள் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன; 11 மணியிலிருந்து எண்ணினால் 400தான். எனவே தாண்டமாட்டார்.)

2. மருத்துவரே எழுதிக் கொடுத்த மாத்திரையாக இருந்தும் டிமாண்டின் பதக்கம் ஏன் பறிபோனது?

3. ஆஸ்துமா உள்ளவருக்கு விலக்குத் தருவது மற்ற வீரர்களுக்கு அநீதியா? நான்கு நிபந்தனைகளில் எது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

மூன்றாவது கேள்விக்கு மாணவர்கள் நிச்சயம் இரண்டு அணியாகப் பிரிவார்கள். வாதம் நடக்கட்டும். முடிவில் 2.40 லிட்டர் எப்படி 2.76 ஆனது என்ற கணக்கைக் கரும்பலகையில் மீண்டும் எழுதி, அந்த மாணவருக்குக் கிடைத்தது கூடுதல் காற்றா, அவர் இழந்திருந்த காற்றா என்று கேட்டுப் பாருங்கள்.